மட்டை, தொட்டி, எண்ணெய்: சரக்கு பல இடங்களில் பிரியும்போது கூட்டுச் செலவைப் பங்கிடுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தேங்காய் வாங்கி, களத்தில் உலர்த்தி, எண்ணெய் ஆட்டுகிறவர்களும் அவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. தொட்டி என்று இங்கே சொல்வது சிரட்டையை. விலைகளும் கூலியும் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவைதான். உங்கள் ஊரின் இன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்க களத்துல மட்டை ஒரு இடத்துல பிரியுது, தொட்டி ஒரு இடத்துல, எண்ணெயும் புண்ணாக்கும் கடைசியில. எல்லாச் செலவையும் ஒண்ணா கூட்டி, கடைசியில நாலு சரக்குக்கும் பங்கு போட்டா என்ன தப்பு?

உரித்த அன்றே மட்டை வண்டி ஏறி நார் மில்லுக்குப் போய்விடுகிறது. அதற்கு அப்புறம் காயை உடைத்த கூலியும், உலர்த்திய செலவும், ஆட்டிய கரண்ட் பில்லும் மட்டையைத் தொடவே இல்லை. மொத்தமாகக் கூட்டினால் மட்டை தான் பார்க்காத செலவையும் சுமக்கும்.

உடைக்கும் செலவு கூட்டுச் செலவா, தனிச் செலவா என்று பலர் குழம்புவது இங்கேதான். இரண்டுமே சரி. மட்டையின் பக்கம் நின்று பார்த்தால் அது உரித்த காய்க்கு மட்டும் ஆன தனிச் செலவு. காய்க்குள்ளே போய்ப் பார்த்தால் தொட்டிக்கும் பருப்புக்கும் பொதுவான கூட்டுச் செலவு. ஒரே செலவு, எந்தப் பிரிபுள்ளியில், அதாவது சரக்கு பிரிகிற எந்தக் கட்டத்தில், நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு விதமாகத் தெரிகிறது. அதனால் ஒவ்வொரு பிரிபுள்ளிக்கும் தனித்தனியாகத்தான் கணக்குப் போட வேண்டும்.

பிரிபுள்ளி எதுன்னு எப்படி முடிவு பண்றது? காய் உடைச்சதுமே பருப்பும் தொட்டியும் பிரிஞ்சுட்ட மாதிரிதானே?

இல்லை. உடைத்ததும் தண்ணீர் மட்டும்தான் பிரிகிறது. பருப்பு தொட்டியில் ஒட்டிக்கொண்டே வெயிலில் கிடக்கிறது. ஓரிரு நாள் காய்ந்து பருப்பு சுருங்கிய பிறகுதான் அதைத் தோண்டி எடுக்கிறோம். தனித்தனியாக எடைபோட்டு, தனித்தனியாக விற்க முடிகிற நேரம் எதுவோ அதுதான் பிரிபுள்ளி. ஆகவே உடைக்கிற கூலி, முதல் காய்ச்சல், தோண்டுகிற கூலி மூன்றும் இரண்டாம் பிரிபுள்ளிக்கு முந்திய செலவு. தோண்டிய பருப்பை மேலும் காயப்போடுவது பருப்பின் பக்கத்துச் செலவு, அதில் தொட்டிக்குப் பங்கில்லை.

களத்தில் "உலர்த்தும் செலவு" என்று ஒரே தலைப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அதைத் தோண்டுவதற்கு முன், பின் என்று இரண்டாக உடைக்காவிட்டால் மேலே போடுகிற கணக்கெல்லாம் வீண். ஆள்கூலிச் சீட்டில் வேலையின் பெயரையும் எழுதச் சொன்னாலே போதும்.

சரி, 10,000 காய்க்கு ஒரு தடவை முழுசா போட்டுக் காட்டுங்க.

முதலில் செலவுகள். மட்டையோடு காய் ஒன்று 19 ரூபாய், வண்டி வாடகையும் ஏற்று இறக்கும் சேர்ந்து 8,000, உரிகூலி 10,000. ஆக முதல் பிரிபுள்ளி வரைக்கும் 2,08,000 ரூபாய். உடைத்து, முதல் காய்ச்சல் கொடுத்து, தோண்ட 20,000. பருப்பை மேலும் உலர்த்தி ஆட்ட 14,000. கடைசியாக எண்ணெயை வடிகட்டி டின்னில் அடைக்கக் கிலோவுக்கு 10 ரூபாய்.

கிடைப்பது: 10,000 மட்டை, ஒன்று 2 ரூபாய். தொட்டி 1,000 கிலோ, கிலோ 20. கொப்பரை சுமார் 1,400 கிலோ. அதை ஆட்டினால் எண்ணெய் 850 கிலோ, கிலோ 290. புண்ணாக்கு 500 கிலோ, கிலோ 32. மீதி ஈரமும் கசடும்.

இப்போது கணக்கைக் கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். மதிப்பு பின்னோக்கி வரும், செலவு முன்னோக்கிப் போகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பிரிபுள்ளி மூன்றானாலும் ஆறானாலும் வழி மாறாது.

மூன்றாம் பிரிபுள்ளியில் எண்ணெயின் நிகர மதிப்பு, அதாவது விற்கும் விலையில் அதற்குப் பிறகு ஆகும் செலவைக் கழித்தது, கிலோ 280 வீதம் 2,38,000. புண்ணாக்கு அப்படியே சாக்கில் போகும், 16,000. இரண்டும் சேர்ந்து 2,54,000. இதை உண்டாக்க 14,000 செலவானது. கழித்தால், தோண்டிய பருப்பின் மதிப்பு இரண்டாம் பிரிபுள்ளியில் 2,40,000.

இரண்டாம் பிரிபுள்ளியில் பருப்பு 2,40,000, தொட்டி 20,000, மொத்தம் 2,60,000. அதற்கு முந்திய 20,000 செலவைக் கழித்தால், உரித்த காயின் மதிப்பு முதல் பிரிபுள்ளியில் 2,40,000. அதன் பக்கத்தில் மட்டை 20,000.

பருப்புக்கும் உரித்த காய்க்கும் ஒரே தொகை வந்தது தற்செயல்தான், தொட்டியின் மதிப்பும் உடைக்கும் செலவும் இங்கே சமமாகிவிட்டன. உங்கள் கணக்கில் அப்படி வராது.

மதிப்பு வந்துடுச்சு. செலவை எப்படி இறக்குறது?

இப்போது முன்பக்கத்திலிருந்து வாருங்கள். முதல் பிரிபுள்ளியில் 2,08,000 ரூபாயை மட்டைக்கும் உரித்த காய்க்கும் 20,000-க்கு 2,40,000 என்ற விகிதத்தில், அதாவது 1-க்கு 12 என்று பிரிக்கிறோம். மட்டைக்கு 16,000, காய்க்கு 1,92,000. மட்டையின் கணக்கு இதோடு முடிந்தது, ஒரு மட்டைக்கு 1 ரூபாய் 60 காசு.

காய் தன்மேல் ஏறிய 1,92,000-ஐச் சுமந்துகொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. அங்கே 20,000 சேர்ந்து 2,12,000 ஆகிறது. இதைத் தொட்டிக்கும் பருப்புக்கும் 20,000-க்கு 2,40,000 விகிதத்தில் பிரித்தால் தொட்டிக்கு 16,308, பருப்புக்கு 1,95,692.

பருப்போடு 14,000 சேர்த்தால் 2,09,692. எண்ணெய் 2,38,000-க்குப் புண்ணாக்கு 16,000 என்ற விகிதத்தில் பிரித்தால் புண்ணாக்குக்கு 13,209, எண்ணெய்க்கு 1,96,483. எண்ணெய் மேல் அடைக்கும் செலவு 8,500-ஐ வையுங்கள்.

| சரக்கு | விற்பனை | செலவு | மீதி |
|---|---|---|---|
| மட்டை | 20,000 | 16,000 | 4,000 |
| தொட்டி | 20,000 | 16,308 | 3,692 |
| புண்ணாக்கு | 16,000 | 13,209 | 2,791 |
| எண்ணெய் | 2,46,500 | 2,04,983 | 41,517 |
| மொத்தம் | 3,02,500 | 2,50,500 | 52,000 |

செலவுப் பத்தியின் மொத்தம் நீங்கள் கையிலிருந்து கொடுத்த பணத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்: 2,08,000, 20,000, 14,000, 8,500. கூட்டினால் 2,50,500. ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டத்துச் செலவு இரண்டு தடவை ஏறியிருக்கும், அல்லது மட்டைக்குக் கொடுத்த பங்கைக் கழிக்காமலே முழு 2,08,000-உம் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும்.

மொத்தம் சரியாக வந்தும் உள்ளே தப்பு இருக்க முடியும். பின்னோக்கி வரும்போது நடுவில் ஆகும் செலவைக் கழிக்காமல், கடைசி விற்பனை விலையை வைத்தே முதல் புள்ளியில் பிரித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மட்டைக்கு 3,02,500-ல் 20,000 என்ற விகிதத்தில் 13,752 தான் ஏறும். 2,248 ரூபாய் மட்டையிலிருந்து நழுவி மற்றவற்றின் தலையில் விழும். கூட்டல் எதுவும் தப்பாகத் தெரியாது. ஒரு பிரிபுள்ளியில் நீங்கள் வைத்த விகிதத்தில், அதற்குப் பிறகும் செலவாகிற சரக்குக்குக் கடைசி விற்பனைத் தொகை அப்படியே இருந்தால் அங்கே சந்தேகப்படுங்கள்.

உரிச்ச காய்க்கே டன் கணக்குல மார்க்கெட் விலை இருக்கே. அதை எடுத்துக்கலாமா?

தாராளமாக. இருந்தால் அதுதான் மேல். பின்னோக்கிக் கழித்து வருவது, அந்த இடத்தில் விலை இல்லாதபோது செய்கிற மாற்று ஏற்பாடு. பொள்ளாச்சிப் பக்கம் உரித்த காய்க்கு விலை பேச ஆள் எப்போதும் இருப்பதால், முதல் பிரிபுள்ளியில் அதையே வைக்கலாம். அந்த 10,000 உரித்த காயும் அன்றைக்கு 2,30,000-க்குப் போகும் என்று வையுங்கள். 2,08,000-ல் மட்டையின் பங்கு 20,000-க்கு 2,30,000 என்ற விகிதத்தில் 16,640 ஆகும். மீதி 1,91,360 காயோடு போகும்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. மழைக்காலத்தில் வெயில் கிடைக்காமல் உலர்த்தியில் விறகு போட்டு, உடைத்துத் தோண்டும் கட்டத்துச் செலவு 20,000-லிருந்து 40,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கிக் கழிக்கும் முறையில் உரித்த காயின் மதிப்பு 2,20,000-ஆகக் குறையும். விகிதம் மாறி மட்டையின் பங்கு 16,000-லிருந்து 17,333 ஆகும். மட்டையின் விலையும் மாறவில்லை, உரிகூலியும் மாறவில்லை. ஆனாலும் மழை பெய்ததால் மட்டையின் அடக்கம் கூடிவிட்டது! இது கணக்கில் வந்த பிழை அல்ல, இந்த முறையின் குணமே அதுதான். மார்க்கெட் விலையை வைத்தால் மட்டை 16,640-லேயே நிற்கும்.

அப்புறம் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழை மாதத்தில் உடைத்து ஆட்டினால் காயின் மதிப்பு 2,20,000, உரித்த காயாகவே விற்றால் 2,30,000. அந்த மாதம் களத்துக்கு விடுமுறை கொடுப்பது 10,000 ரூபாய் லாபம்.

எந்த முறையை எடுத்தாலும் ஆண்டு முழுக்க அதையே வைத்திருங்கள். இந்த மாதம் மார்க்கெட் விலை, அடுத்த மாதம் கழித்த மதிப்பு என்று லாபம் நன்றாகத் தெரிகிற பக்கம் தாவினால் தணிக்கையில் நிற்காது.

எடையை வெச்சு பிரிச்சா சுலபமா இருக்குமே?

சுலபம்தான், ஆனால் தேங்காய்க்கு ஒத்துவராது. முழுக் காயின் எடையில் மட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே, சுமார் 35 சதவீதம் இருக்கும். எடைப்படி பிரித்தால் 2,08,000-ல் 72,800 மட்டையின் தலையில் ஏறும். 20,000-க்கு விற்கிற சரக்குக்கு 72,800 அடக்கம்! எண்ணெயோ அள்ளிக் கொடுப்பது போலத் தெரியும். பிரியும் சரக்குகளின் கிலோ விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற தொழில்களுக்குத்தான் எடை முறை.

தேங்காய்த் தண்ணியை வினிகர் போடறவங்க கொஞ்சம் காசு கொடுத்து எடுத்துட்டுப் போறாங்க சார். அதுக்கும் பங்கு போடணுமா?

வேண்டாம். சொற்பத் தொகைதான் என்பதால் அதை உபசரக்காக வைத்து, வந்த காசைச் செலவிலிருந்து கழித்துவிடுங்கள். ஏ.எஸ். 2 கணக்குத் தரமும் சொற்ப மதிப்புள்ள உபசரக்குக்கு இதையே சொல்கிறது. எந்தச் செலவிலிருந்து கழிக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். தண்ணீர் பிரிவது உடைக்கும்போது. ஆகவே 1,000 ரூபாய் வந்தால் உடைக்கும் கட்டத்து 20,000-ஐ 19,000 ஆக்குங்கள், பின்னோக்கி வரும்போதும் முன்னோக்கிப் போகும்போதும் அதே 19,000-ஐ வையுங்கள். காய் வாங்கிய செலவிலிருந்து கழித்தால் தண்ணீர்க் காசில் மட்டைக்கும் பங்கு போய்விடும்.

புண்ணாக்கையும் உபசரக்காக வைக்கிற ஆலைகள் உண்டு, அதில் குற்றமில்லை. மாட்டுத் தீவனத்துக்கு நல்ல கிராக்கி இருக்கிற இந்தப் பக்கத்தில் அதைக் கூட்டுச் சரக்காகவே வைப்பது நல்லது என்பது என் எண்ணம்.

எங்க தொட்டியில பாதியை நாங்களே உலர்த்தியில எரிச்சுடறோம். அதை எப்படி எழுதறது?

எங்கே எரிகிறது என்று பாருங்கள். தோண்டுவதற்கு முந்திய உலர்த்தலில் எரித்தால் அது அதே கட்டத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. எரித்தது போக வெளியே வந்த தொட்டியை மட்டும் விளைச்சலாக எழுதினால் போதும்.

தோண்டிய பருப்பை உலர்த்த எரித்தால் கதை வேறு. அது தொட்டியின் பக்கத்திலிருந்து பருப்பின் பக்கத்துக்குப் போன சரக்கு. பின்னோக்கி மதிப்பு போடும்போது எரித்த தொட்டியையும் விற்கும் விலையில் தொட்டியின் மதிப்பில் வைத்துக்கொண்டு, அதே தொகையைப் பருப்புக்கு அடுத்த செலவில் சேருங்கள். முன்னோக்கிச் செலவு இறக்கும்போது விற்கும் விலையில் ஏற்றாதீர்கள், தொட்டிக்கு வந்த அடக்கத்தில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு நீங்களே விற்று லாபம் எழுதியதாகிவிடும்.

மாசக் கடைசியில மட்டை கொஞ்சமும் பாதி காஞ்ச பருப்பும் கிடக்கும். இருப்பு மதிப்பு எவ்வளவு போடறது?

இத்தனை கணக்கும் பெரும்பாலும் இந்தக் கேள்விக்காகத்தான். எல்லாம் அந்த மாதமே விற்றுத் தீர்ந்துவிட்டால் எப்படிப் பிரித்தாலும் மொத்த லாபம் 52,000 தான். இருப்பு மிஞ்சும்போதுதான் பங்கீடு லாபத்தை மாற்றும்.

2,000 மட்டை கிடந்தால் 1.60 வீதம் 3,200. தோண்டிய பருப்பில் ஐந்தில் ஒரு பங்கு ஆட்டாமல் இருந்தால் 1,95,692-ல் ஐந்தில் ஒன்று, 39,138. அதன்மேல் இதுவரை ஆன மேல் உலர்த்தலின் செலவை மட்டும் சேருங்கள், ஆட்டும் செலவு இன்னும் ஆகவில்லை. பிறகு நிகர மதிப்போடு ஒப்பிட்டு எது குறைவோ அதை எழுதுங்கள். இங்கே அந்தப் பருப்பின் நிகர மதிப்பு 48,000, அதனால் அடக்கமே நிற்கும்.

செலவுத் தணிக்கைக்கு உட்படுகிற அளவு நிறுவனம் என்றால், கூட்டுச் செலவுக்கென்றே இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனம் வெளியிட்ட சி.ஏ.எஸ். 19 தரத்தையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

களம் கேரளாவுல, ஆலை தமிழ்நாட்டுல. களத்துல இருந்து கொப்பரைக்கு ஜி.எஸ்.டி. பில் போட்டுத்தான் அனுப்பறோம். அந்தப் பில் தொகையையே ஆலையோட அடக்கமா எடுத்துக்கலாமா?

கூடாது. ஒரே முதலாளி என்றாலும் இரண்டு மாநிலத்திலும் தனித்தனிப் பதிவு இருப்பதால் வரிச் சட்டம் இரண்டையும் வேறு வேறு ஆளாகப் பார்க்கிறது, அதனால்தான் பில். அந்தத் தொகை வரிக்காகப் போட்ட மதிப்பு. அதில் களத்துக்கு ஒரு லாபம் ஒளிந்திருக்கலாம். பங்கீட்டுக் கணக்கில் கொப்பரை 1,95,692-உம் களத்திலேயே ஆன மேல் உலர்த்தலின் செலவுமாகத்தான் கோபாலபுரம் எல்லையைத் தாண்ட வேண்டும். பில் தொகையை வைத்தால் ஆலையில் கிடக்கும் எண்ணெய் இருப்பில் இன்னும் சம்பாதிக்காத லாபம் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வரி கட்டிய தொகை உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கிடைக்கும் என்றால் அதையும் அடக்கத்தில் சேர்க்க வேண்டியதில்லை.

பருப்பாவே 2,45,000-க்கு ஒருத்தர் கேக்கறார். எங்க அடக்கம் 1,95,692. ஆட்டினா எண்ணெய்ல 41,517 மீதின்னு உங்க பட்டியல் சொல்லுது. குடுக்கலாமா, ஆட்டலாமா?

கொடுத்துவிடுங்கள். 1,95,692-ஐயும் 41,517-ஐயும் இந்த முடிவுக்குப் பார்க்கவே வேண்டாம். காய் வாங்கி, உரித்து, உடைத்த பணம் ஏற்கெனவே போய்விட்டது, ஆட்டினாலும் விற்றாலும் திரும்பி வராது. இனிமேல் நடக்கப்போவது மட்டும்தான் கணக்கு: ஆட்டினால் எண்ணெயும் புண்ணாக்கும் சேர்ந்து நிகரமாக 2,54,000, அதற்கு இனி ஆகும் செலவு 14,000, மிஞ்சுவது 2,40,000. அவர் கேட்கிற விலை அதைவிட 5,000 கூடுதல்.

ஆட்டும் செலவு 14,000-ல், ஆட்டாவிட்டாலும் ஆகிற செலவு ஏதாவது கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆலையின் மாதச் சம்பளக்காரருக்கு 6,000 அதில் போகிறது, ஆட்டாவிட்டாலும் அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இனி ஆகும் செலவு 8,000 தான். ஆட்டினால் 2,46,000 மிஞ்சும். அப்போது ஆட்டுவதுதான் 1,000 ரூபாய் கூடுதல்.